நாற்பதிலிருந்து பத்து: தேர்வு நடந்த விதம் பற்றிக் கலைஞர்கள் கேட்ட கேள்விகள்

எங்கள் கண்காட்சிக்கு வந்த நாற்பது படைப்புகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து முடிவு அறிவித்த நாளிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு குரலில் கேட்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதினால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகும் என்பதால், கண்காட்சியின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். படைப்புகளை எண்களால் மட்டுமே குறிப்பிடுகிறேன். விரிவாகப் பேசியிருக்கும் படைப்புகளின் கலைஞர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்கிறேன்.

ஏன் பத்து? பன்னிரண்டாக இருந்திருக்கக் கூடாதா?

சுவர்தான் காரணம். கூடத்தில் கதவு, ஜன்னல், மின்பலகை ஆகியவற்றைக் கழித்த பிறகு படம் மாட்டக்கூடிய சுவரின் நீளம் 24 மீட்டர். ஒரு படைப்பின் சராசரி அகலம் 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொண்டோம். பத்துப் படைப்புகளுக்கு 12 மீட்டர். அவற்றுக்கு இடையிலும் இரு ஓரங்களிலுமாக 11 இடைவெளிகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். மொத்தம் 23 மீட்டர். பன்னிரண்டு என்றால் இடைவெளியை ஏறக்குறைய முக்கால் மீட்டராகக் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது ஒரு படத்தின் முன்னால் நிற்பவரின் கண்ணோரத்தில் பக்கத்துப் படமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கணக்கை அழைப்பு வெளியிடுவதற்கு முன்பே போட்டுவிட்டோம். தேர்வான பத்தில் இரண்டு சிற்பங்களாக அமைந்ததால் சுவரில் கொஞ்சம் இடம் மிஞ்சியது உண்மைதான். ஆனால் சிற்பத்தைச் சுற்றி நடக்க எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். அந்த இடத்தைச் சுவர்ப்படங்களைப் பின்னால் நின்று பார்க்கும் தூரத்திலிருந்துதான் எடுக்க முடியும். சுவரில் கிடைத்தது தரையில் செலவாகிவிட்டது.

நாற்பதையும் நடுவர்கள் பார்த்தார்களா?

இல்லை. 37 படைப்புகளைப் பார்த்தார்கள். மூன்று அதற்கு முன்பே நின்றுவிட்டன. அந்த முடிவு விதிகளைப் பொறுத்தது, ரசனையைப் பொறுத்தது அல்ல. அதை நடுவர்கள் எடுக்கவில்லை, அலுவலகம் எடுத்தது. ஒன்று, எந்தப் பக்கமும் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை மீறியிருந்தது. இன்னொன்றின் படக்கோப்பு திறக்கவில்லை, திரும்ப அனுப்பக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மூன்றாவது, ஏற்கெனவே பொதுவில் காட்டப்பட்டதா என்ற கேள்விக்கு விடை தரவில்லை. மூவருக்கும் எழுதித் திருத்த அவகாசம் கொடுத்திருந்தோம்.

முதல் சுற்றிலேயே என் படைப்பு போய்விட்டது என்கிறார்கள். முதல் சுற்று என்றால் என்ன?

மூன்று நடுவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல், அவரவர் இடத்தில், அவரவர் திரையில் பார்த்தார்கள். மூவருக்கும் படைப்புகளை வெவ்வேறு வரிசையில் அனுப்பினோம். வரிசை ஒன்றாக இருந்தால் முதலில் வரும் படைப்புகளை எல்லாரும் கையிறுக்கமாகவும், கடைசியில் வருபவற்றைச் சோர்ந்த கண்ணோடும் பார்ப்பார்கள். பாதிப்பு சில படைப்புகளின் தலையில் மட்டும் விழும்.

இந்தச் சுற்றில் மதிப்பெண் இல்லை. "ஆம்", "பார்க்கலாம்", "இல்லை" என்ற மூன்று சொற்கள் மட்டும். ஒரே ஒருவர் "ஆம்" சொன்னாலும் படைப்பு அடுத்த சுற்றுக்குப் போகும். "ஆம்" இல்லாவிட்டாலும் இரண்டு "பார்க்கலாம்" இருந்தால் போகும். மற்றவை நின்றுவிடும். இப்படி 18 நின்றன, 19 மேலே சென்றன.

இந்த முறை நாங்கள் கண்டுபிடித்ததல்ல. லண்டன் ராயல் அகாடமி 1769 முதல் ஆண்டுதோறும் நடத்திவரும் கோடைக் கண்காட்சியின் தேர்வில், சில படைப்புகளை நிராகரிக்கப்பட்டவற்றிலிருந்து பிரித்து "சந்தேகம்" என்று குறியிட்டு ஒதுக்கிவைக்கும் வழக்கம் உண்டு. பிறகு சுவரில் ஏறுபவை பலவும் அந்த ஒதுக்கத்திலிருந்து எடுக்கப்படும். "பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு நாங்கள் கொடுத்த எடையும் அதுபோன்றதே. முதல் பார்வையில் தயக்கம் தந்த படைப்பைக் கண் உடனே ஒதுக்கிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

முதல் சுற்றில் நின்ற 18 பேரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு மதிப்பெண்ணே இல்லை. "எனக்கு எத்தனை?" என்று கேட்பவர்களுக்கு நான் தர மறுக்கவில்லை, தருவதற்கு ஒன்றும் இல்லை.

பெயர் தெரியாமல்தான் பார்த்தார்கள் என்பதை எப்படி நம்புவது?

கோப்புகளின் பெயரை மாற்றி எண் கொடுத்தோம். படக்கோப்புக்குள் மறைந்திருக்கும் தகவல்களையும் நீக்கினோம். கேமராவின் உரிமையாளர் பெயர் அதில் அடிக்கடி இருக்கும். கையெழுத்து தெரிந்த இடங்களில் மெல்லிய சாம்பல் பட்டை போட்டு மறைத்தோம்.

இவ்வளவு செய்தும் கை தெரிந்துவிடும். பல ஆண்டுகளாக ஒரே பாணியில் வேலை செய்பவரின் கோட்டைப் பழகிய கண் அடையாளம் கண்டுகொள்ளும். அதைத் தடுக்க வழி இல்லை, தெரிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று விதி வைக்கத்தான் வழி உண்டு. ஒரு நடுவர் இரண்டாம் சுற்றில் தம் முன்னாள் மாணவரின் படைப்பை அடையாளம் கண்டு எனக்கு எழுதினார். அந்தப் படைப்புக்கு அவர் மதிப்பெண் இடவில்லை, அதைப் பற்றிய பேச்சிலும் கலந்துகொள்ளவில்லை. மற்ற இருவர் கொடுத்த இடங்கள் 4, 9. கூட்டினால் 13. மூவர் கொடுத்ததற்கு இணையாக்க ஒன்றரை மடங்கு, அதாவது 19.5 என்று எடுத்துக்கொண்டோம். இந்த "இடம்" என்ற கணக்கை அடுத்த பதிலில் விளக்குகிறேன்.

என் மதிப்பெண்களின் கூட்டுத்தொகை தேர்வான ஒருவரைவிட அதிகம். இது எப்படி நியாயம்?

அதிகம் வந்த கேள்வி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டாம் சுற்றில் 19 படைப்புகளுக்கும் நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் இட்டார்கள். மூவரின் அளவுகோலும் ஒன்றல்ல. முதல் நடுவர் 7, 8, 9 என்ற மூன்று எண்களை மட்டுமே பயன்படுத்தினார். இரண்டாம் நடுவர் 2 முதல் 10 வரை ஓடினார். மூன்றாமவர் 4 முதல் 9 வரை. மூவரும் நேர்மையாகவே இட்டார்கள். ஆனால் இந்த எண்களை அப்படியே கூட்டினால் முடிவை எடுப்பவர் இரண்டாம் நடுவர் ஒருவரே. முதல் நடுவர் எவ்வளவு விரும்பினாலும் வெறுத்தாலும் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் காட்ட மாட்டார். இரண்டாமவர் எட்டு காட்டுவார். மூன்று நடுவர்கள் இருந்தும் பேச்சு ஒருவருடையதாகிவிடும்.

ஆகவே மதிப்பெண்ணை இடமாக மாற்றினோம். ஒவ்வொரு நடுவரின் பட்டியலிலும் ஒரு படைப்பு எத்தனையாவது என்று பார்த்தோம். சமமாக மதிப்பெண் பெற்றவை அந்த இடங்களின் சராசரியைப் பகிர்ந்துகொள்ளும். பிறகு மூன்று இடங்களையும் கூட்டினோம். கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் மேலே.

14ஆம் எண்ணையும் 27ஆம் எண்ணையும் எடுத்துக்கொள்வோம். 14 பெற்ற மதிப்பெண்கள் 9, 4, 8. மொத்தம் 21. 27 பெற்றவை 7, 10, 6. மொத்தம் 23. வெறும் கூட்டலில் 27 முந்துகிறது.

இப்போது இடங்களைப் பாருங்கள். முதல் நடுவர் மூன்று படைப்புகளுக்கு மட்டுமே 9 கொடுத்தார். அவை 1, 2, 3 ஆகிய இடங்களைப் பகிர்வதால் ஒவ்வொன்றுக்கும் 2ஆம் இடம். 14 அவற்றில் ஒன்று. அவர் 7 கொடுத்தவை ஐந்து. அவை 15 முதல் 19 வரையிலான இடங்களைப் பகிர்வதால் ஒவ்வொன்றுக்கும் 17ஆம் இடம். 27 அங்கே இருக்கிறது. பத்துக்கு ஏழு என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் கையில் அது கடைசி வரிசை. இரண்டாம் நடுவரிடம் 14 பன்னிரண்டாவது, 27 முதலாவது. மூன்றாமவரிடம் 14 மூன்றாவது, 27 ஒன்பதாவது. கூட்டினால் 14க்கு 17, 27க்கு 27. எண்ணும் தொகையும் ஒன்றாக அமைந்தது தற்செயல், குழம்ப வேண்டாம். 14 தெளிவாக முன்னால் போய்விட்டது.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. இடம் என்பது தூரத்தைச் சொல்லாது. ஒருவர் மனத்தில் முதல் படைப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கலாம், 11க்கும் 12க்கும் இடையில் மயிரிழைகூட இல்லாமல் இருக்கலாம். பட்டியலில் இரண்டும் ஒரு படி வித்தியாசம்தான். அதனால்தான் முழு முடிவையும் கணக்கிடம் விட்டுவிடவில்லை. மேலே இருந்த ஆறு படைப்புகளைப் பேச்சின்றித் தேர்வு செய்தோம். கீழே இருந்த ஆறும் பேச்சின்றி நின்றன. நடுவில் இருந்த ஏழு படைப்புகளைப் பற்றிக் கூடிப் பேசி நான்கை எடுத்தோம்.

அந்தப் பேச்சில் என்ன நடந்தது? உரக்கப் பேசுபவர் வென்றுவிட மாட்டாரா?

அந்த ஆபத்து எந்த நடுவர் கூட்டத்திலும் உண்டு. நாங்கள் வைத்த தடுப்பு எளிமையானது. ஒவ்வொரு படைப்பைப் பற்றியும் அதைத் தம் பட்டியலில் மிகக் கீழே வைத்தவரே முதலில் பேச வேண்டும். விரும்பியவர் முதலில் பேசினால் மற்றவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். பிடிக்காதவர் முதலில் பேசினால், ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு அவர் காரணம் தேட வேண்டியிருக்கும். சில நேரம் தேடும்போதே காரணம் வலுவற்றது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

27 ஒரு அச்சோவியம். ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு. முதல் நடுவர் திறந்த மனத்தோடு சொன்னார்: திரையில் தமக்கு ஒரு கறுப்புச் செவ்வகம்தான் தெரிந்தது என்று. இரண்டாம் நடுவர் அச்சுக்கலை தெரிந்தவர். ஒரு மூலையில் கறுப்பின் மேல் இன்னொரு கறுப்பு ஏறியிருப்பதையும், மையின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறுவதையும் அவர் கவனித்திருந்தார். யார் சொல்வது சரி என்று அந்தப் படத்தை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. ஒருவருக்கு மட்டும் கூடுதல் வாய்ப்புத் தருவது முறையல்ல என்பதால், நடுவில் இருந்த ஏழு பேரிடமும் ஓர் அண்மைப் படம் கேட்டோம். 27இன் அண்மைப் படம் பக்கவாட்டில் சாய்ந்த ஒளியில் எடுக்கப்பட்டு வந்தது. மையின் மேடு பள்ளங்கள் நிழல் விழுந்து எழுந்து நின்றன. முதல் நடுவர் மனம் மாறினார். 27 உள்ளே வந்தது.

என் படைப்பைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை என்றீர்கள். பிறகு ஏன் எடுக்கவில்லை?

31ஆம் எண். மூவரிடமும் ஏறத்தாழ நடு இடம். கூட்டத்தில் மூவரும் "நன்றாக இருக்கிறது" என்றார்கள். அடுத்து என்ன சொல்வது என்று மூவருக்கும் தெரியவில்லை. நான்கு இடங்களுக்கு ஏழு படைப்புகள் என்றபோது, ஒவ்வொரு நடுவரும் ஏதோ ஒன்றுக்காக வாதாடினார். 31க்காக யாரும் வாதாடவில்லை. கைத்திறனில் குறை இல்லை, கலவையில் குறை இல்லை. ஆனால் யாரையும் பிடித்து நிறுத்தவும் இல்லை.

இதைக் கேட்பது கசப்பாக இருக்கும் என்று தெரியும். சராசரியை மட்டும் நம்பும் தேர்வுகளில் இத்தகைய படைப்புகளே அதிகம் நுழைகின்றன, ஒருவருக்கு மிகவும் பிடித்து இன்னொருவருக்கு அறவே பிடிக்காதவை வெளியே நிற்கின்றன. என் சொந்தக் கருத்தில், கண்காட்சிகள் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 31 இப்போது காத்திருப்புப் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது.

அந்த ஏழில் மற்ற இரண்டு ஏன் விடப்பட்டன?

ஒன்று காணொளி. சுவரில் ஒளிவீச்சாகக் காட்டப்பட வேண்டியது, இருட்டு தேவை. மற்ற ஒன்பதுக்கும் வெளிச்சம் தேவை. எங்களிடம் ஒரே கூடம், தடுப்பு இல்லை. வெளிச்சம் உள்ள அறையில் வீசும் படத்தில் கறுப்பு என்பதே இருக்காது, சுவரின் வெளுப்புதான் அதன் கறுப்பு. திரைப்பெட்டியில் காட்டலாமா என்று கலைஞரிடம் கேட்டோம். பார்ப்பவரின் உடலளவுக்கு உருவங்கள் வராவிட்டால் படைப்பே இல்லை என்று மறுத்துவிட்டார். சரியான மறுப்பு என்றே நினைக்கிறேன். தகுதியால் விடப்பட்டதல்ல என்று அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று 9ஆம் எண். ஏற்கெனவே தேர்வாகிவிட்ட ஒரு படைப்போடு பொருளிலும் நிறத்திலும் மிக நெருங்கியது. பத்தே படைப்புகள் உள்ள அறையில் இரண்டும் இருந்தால் பார்வையாளர் அவற்றை ஒப்பிட்டே பார்ப்பார், தனித்தனியாகப் பார்க்க மாட்டார். இது 9இன் குற்றமே அல்ல. அது வேறொரு நாற்பதோடு வந்திருந்தால் உள்ளே இருந்திருக்கலாம். இது விவாதத்துக்குரிய காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு நடுவர் இதை ஏற்கவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று முடிவானது.

ஓவியங்களுக்கு ஒதுக்கீடு இருந்ததா?

இல்லை. வந்த நாற்பதில் 24 ஓவியங்கள், 7 ஒளிப்படங்கள், 5 சிற்பங்கள், 3 அச்சோவியங்கள், 1 காணொளி. தேர்வானவை 5, 2, 2, 1, 0.

என் ஒளிப்படம் மோசமாக இருந்ததால்தான் நின்றேனா?

சிலருக்கு அதுவும் ஒரு காரணம். நடுவர்கள் பார்த்தது உங்கள் படைப்பை அல்ல, அதன் படத்தைத்தான். மூன்று வகைக் கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்தன.

கண்ணாடிச் சட்டத்தோடு எடுத்த படங்களில் ஜன்னலும் எடுத்தவரின் உருவமும் தெரிந்தன. முடிந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள். இரண்டு விளக்குகளை இரு பக்கமும் 45 பாகைக் கோணத்தில், சம தூரத்தில் வையுங்கள். கேமராவின் முகம் படைப்புக்கு இணையாக, அதன் நடுப்புள்ளிக்கு நேராக இருக்கட்டும். நான்கு ஓரங்களும் சட்டகத்தின் ஓரங்களோடு இணைந்து ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் குறுகினால் கேமரா சாய்ந்திருக்கிறது.

அடுத்தது நிறம். அறையின் மஞ்சள் விளக்கும் ஜன்னலின் நீல வெளிச்சமும் கலந்து விழுந்தால் எந்தத் திருத்தமும் முழுமையாகச் சரிசெய்யாது, ஒரு பாதியைத் திருத்தினால் மறுபாதி கெடும். ஒரே வகை ஒளியில் எடுங்கள். ஒரு சாம்பல் அட்டையைப் படைப்பின் பக்கத்தில் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறத்தைச் சரிபார்க்கலாம். கோப்பை sRGB நிறவெளியில் சேமியுங்கள். வேறு நிறவெளியில் சேமித்தால் சில திரைகளில் நிறம் வெளிறித் தெரியும்.

மூன்றாவது அளவு. திரையில் உள்ளங்கை அகல ஓவியமும் ஆளுயர ஓவியமும் ஒரே பெரிதாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் மனித உருவின் நிழல்வடிவம் ஒன்றை அளவுக்கு ஏற்ப வைத்து நடுவர்களுக்கு அனுப்பினோம். இதற்கு நீங்கள் தந்த அளவுகளே ஆதாரம். கலைப்படைப்புகளுக்கு உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையில் எழுதுவது வழக்கம். சிலர் அகலத்தை முதலில் எழுதியிருந்தார்கள். படம் நெடுக்காக இருக்க, 30 × 90 என்று வந்தால் மாறிப்போனது தெரிந்துவிடும், எழுதிக் கேட்டுத் திருத்தினோம். சதுரத்துக்கு நெருங்கிய படைப்புகளில் இது தெரியாது. அங்கே வித்தியாசமும் சிறியதுதான் என்பது ஓர் ஆறுதல்.

நான் எழுதிய விளக்கக் குறிப்பைப் படித்தார்களா?

முதல் சுற்றில் இல்லை. இரண்டாம் சுற்றில் படித்தார்கள். குறிப்பை முதலிலேயே கொடுத்தால் நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு ஒரு கை கூடுதலாகக் கிடைத்துவிடும். பயன்பட்ட குறிப்புகள் பொருளையும் செய்முறையையும் சொன்னவை: எந்தத் தாள், எத்தனை அடுக்கு, எது முதலில். மனிதனின் இருப்பு, காலத்தின் ஓட்டம் என்று தொடங்கிய குறிப்புகளில் எண்களை மாற்றிப் போட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

முடிவை மறுபரிசீலனை செய்வீர்களா?

நடைமுறையில் தவறு இருந்தால் செய்வோம். உங்கள் எண்ணில் வேறொருவரின் படம் போயிருந்தால், அளவு தவறாகக் காட்டப்பட்டிருந்தால் எழுதுங்கள். நடுவர்கள் பார்த்த அதே கோப்பை உங்களுக்கு அனுப்புகிறேன், நீங்களே சரிபார்க்கலாம். ரசனையைப் பற்றிய முறையீட்டுக்கு இடமில்லை.

நடுவர்களின் கருத்து எனக்குக் கிடைக்குமா?

இரண்டாம் சுற்றுக்கு வந்த 19 பேருக்கும் நடுவர்கள் இட்ட மதிப்பெண்களும் இடங்களும் நடுவர் பெயரின்றி அனுப்பப்பட்டுவிட்டன. கூட்டத்தில் பேசப்பட்ட ஏழு பேருக்குக் குறிப்புகளின் சுருக்கமும் உண்டு. முதல் சுற்றில் நின்றவர்களுக்குத் தனிக் கருத்து இல்லை. மூன்று சொற்களில் ஒன்றை மட்டும் எழுதிய நடுவரின் வாயில் பிறகு நான் காரணங்களைப் புகுத்தினால் அது கற்பனையாகத்தான் இருக்கும்.

தேர்வாகவில்லை. அதே படைப்பை வேறு இடத்துக்கு அனுப்பலாமா?

தாராளமாக, இன்றே அனுப்பலாம். காத்திருப்புப் பட்டியலில் உள்ள 31, 9 ஆகிய இரண்டும் மட்டும் விதிவிலக்கு. தேர்வானவர்களில் யாராவது விலகினால் அந்த வரிசையில் அழைப்போம். படங்களை மாட்டத் தொடங்கும் நாளோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடும். அதற்குள் வேறு இடத்தில் வாய்ப்பு வந்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஒரு வரி எழுதித் தெரிவித்தால் போதும்.